மூணு பிளாக் ரேட் ஷீட்டை ரெண்டு காலம் லிஸ்டா பிரிச்சது: ஒரு பிளம்பிங் கடை நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன், அங்க பிளம்பிங் சாமான் விக்கிற கடை. பிவிசி, சிபிவிசி ஃபிட்டிங்ஸ், குழாய், வால்வு, சில்லறை சாமான்னு எல்லாம் இருக்கும். ஓனரை எல்லாரும் அண்ணாச்சின்னு தான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். கல்லா மேசைல கண்ணாடிக்கு அடியில ஒரு ஏ4 பேப்பர் இருக்கும், அதுதான் ரேட் ஷீட். ஒரே பேப்பர்ல எல்லாம் வரணும்னு அயிட்டம், விலை, அயிட்டம், விலை, அயிட்டம், விலைன்னு மூணு பிளாக்கா பக்கத்து பக்கத்துல அடிச்சிருந்தாங்க. கம்பெனி ரேட் மாத்தும்போதெல்லாம் எக்செல்ல திருத்தி புது பிரிண்ட் எடுத்து வச்சிடுவாங்க.

இப்ப கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினாங்க. அதுக்கு அயிட்டம் பேர் ஒரு காலம், விலை ஒரு காலம், மேல இருந்து கீழ ஒரே லிஸ்டா ஃபைல் குடுத்தா ஏத்திக்கும். கடைல இருக்கிற தம்பி கையால காபி பேஸ்ட் பண்ணி ஒரு தடவை ஏத்திப் பாத்தான். பில் போடும்போது "3/4" னு தேடினா ஏகப்பட்டது வருது, எது எல்போ எது டீன்னு தெரியல, சிலதுல பேருக்கு பதில் 45385 மாதிரி நம்பர் நிக்குது. அதுக்கப்புறம் தான் என்னைக் கூப்பிட்டாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், ஒரே தடவை செய்ற வேலைன்னா ஃபார்முலாவே வேண்டாம், மூணு தடவை காபி பேஸ்ட் பண்ணா முடிஞ்சது. இங்க அப்படி இல்ல, அண்ணாச்சி மூணு பிளாக் ஷீட்டைத்தான் எப்பவும் திருத்துவார், அதுல திருத்தினா லிஸ்ட்லயும் தானா மாறணும், அதனாலதான் ஃபார்முலா வரைக்கும் போக வேண்டி வந்தது.

ஷீட்ல என்ன இருந்துச்சு

ஷீட் பேர் `Rate`. முதல் மூணு ரோல கடை பேர், தேதி, தலைப்பு. டேட்டா 4வது ரோல இருந்து 51வது ரோ வரைக்கும், அதாவது ஒரு பிளாக்குக்கு 48 ரோ. A, B முதல் பிளாக், D, E ரெண்டாவது, G, H மூணாவது. நடுவுல C, F ரெண்டும் பார்வைக்கு இடைவெளி விட்ட வெறும் காலம். மூணாவது பிளாக் மட்டும் 44வது ரோலயே முடிஞ்சிருது. எண்ணிப் பாத்தா 48, 48, 41, மொத்தம் 137 ரோ நிரம்பி இருக்கு.

இந்த 137ம் அயிட்டம் கிடையாது. 23 ரோ தலைப்பு. "பிவிசி எல்போ" னு போல்டா ஒரு ரோ, அதுக்கு விலை இருக்காது, அதுக்கு கீழ 1/2, 3/4, 1, 1 1/4 னு சைஸ் மட்டும், பக்கத்துல விலை. பேப்பர்ல பாக்குற ஆளுக்கு இது ரொம்ப வசதி, கண்ணு தானா மேல போய் தலைப்பைப் பாத்துட்டு வந்துரும். ஆனா லிஸ்ட்ல "3/4" னு ஒரு ரோ தனியா நின்னா அது எதோட முக்கா இஞ்சுன்னு அந்த ரோவுக்குத் தெரியாது. மீதி 114ல பெரும்பாலும் இந்த மாதிரி சைஸ் ரோ தான், கொஞ்சம் மட்டும் டெஃப்லான் டேப் மாதிரி தனி சாமான், பேரும் விலையும் ஒரே ரோல இருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம் பிளாக்கோட அடியில இருந்துச்சு. A49ல "பிவிசி டீ" தலைப்பு, A50ல அரை இஞ்சு, A51ல முக்கா இஞ்சு, அதோட முதல் பிளாக் முடிஞ்சிருது. ஒரு இஞ்சு டீ எங்கன்னு பாத்தா D4ல, ரெண்டாவது பிளாக்கோட உச்சியில, தலைப்பே இல்லாம வெறும் "1" னு நிக்குது. அதனால வரிசை தப்பினா பேரே தப்பிடும்.

முதல் முயற்சி, அது ஏன் தப்பா போச்சு

என் லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் 365 இருக்கு. அவசரத்துல ஒரே வரில முடிச்சிரலாம்னு இதைப் போட்டேன்:

```
=WRAPROWS(TOCOL(Rate!A4:H51,1),2)
```

`TOCOL` எல்லா செல்லையும் ஒரே காலமா அடுக்கும், அந்த 1 னா காலி செல்லை விட்டுருன்னு அர்த்தம், `WRAPROWS` அதை ரெண்டு ரெண்டா மடிக்கும். பாக்க சரியா வர்ற மாதிரி தோணும். ரெண்டு இடத்துல அடி வாங்கிச்சு.

`TOCOL` எதுவும் சொல்லாம விட்டா இடமிருந்து வலமா ரோ ரோவா படிக்கும். முதல் பிளாக்ல ஒண்ணு, ரெண்டாவதுல ஒண்ணு, மூணாவதுல ஒண்ணுன்னு கலந்து வந்துச்சு, தலைப்புக்கும் சைஸுக்கும் இருந்த தொடர்பு அங்கயே அறுந்து போச்சு.

அதைவிட மோசம் காலி செல்லை விட்டது. A4 தலைப்பு, பக்கத்துல B4 காலி. அந்தக் காலியை விட்டதும் முதல் ஜோடியே "பிவிசி எல்போ" வும் D4ல இருந்த "1" ம் ஆயிருச்சு, அதாவது எல்போ விலை ஒரு ரூபா. அடுத்த ஜோடி டீ விலையும் G4 அயிட்டமும். ஒரு காலி செல் போனா அதுக்கப்புறம் வர்ற ஜோடி எல்லாம் ஒரு இடம் நகருது, இன்னொரு காலி வந்தா திரும்ப சரியாகுது, அதனால நடு நடுவுல சரியான ஜோடியும் வரும், மேலோட்டமா பாத்தா ஏமாந்துருவோம்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது, எர்ரர் எதுவுமே வரல. அயிட்டம் காலம்ல 137, விலை காலம்ல 109 செல் நிரம்பி இருந்துச்சு, கூட்டினா 246, இரட்டைப்படை. அதனால 123 ரோவா சுத்தமா மடிஞ்சிருச்சு. ஒத்தைப்படையா இருந்திருந்தா கடைசில ஒரு `#N/A` வந்து காட்டிக் குடுத்திருக்கும். விலை காலம்ல எத்தனை செல் எழுத்தா இருக்குன்னு `ISTEXT` வச்சு எண்ணின அப்புறம்தான் எவ்வளவு கலைஞ்சிருக்குன்னு முழுசா தெரிஞ்சது.

எடுத்த முடிவுகள்

பிளாக்கை பிளாக்கா அப்படியே ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வைக்கணும், காலியை விடவே கூடாது, காலி ரோவை எல்லாம் முடிஞ்ச அப்புறம் தான் எடுக்கணும். 365ல இதுக்கு `VSTACK` போதும்:

```
=VSTACK(Rate!A4:B51,Rate!D4:E51,Rate!G4:H51)
```

வரிசை சரியா வந்துச்சு. ஆனா கடை கம்ப்யூட்டர்ல இருக்கிறது எக்செல் 2016, அதுல `VSTACK` கிடையாது, அங்க திறந்து கணக்கு ஓடினா `#NAME?` தான் வரும். பவர் குவெரி 2016லயே இருக்கு, அதுலயும் பண்ணலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் ரிஃப்ரெஷ் கொடுக்கணும், தம்பி மறந்தா பழைய விலையே ஏறிடும், அந்த ரிஸ்க் வேண்டாம்னு விட்டுட்டேன். பழைய `INDEX` தான் சரின்னு முடிவு பண்ணேன். `List` னு ஒரு ஷீட், முதல் ரோ தலைப்பு, A2ல பேர், B2ல விலை:

```
=INDEX(Rate!$A$4:$H$51,MOD(ROW()-2,48)+1,INT((ROW()-2)/48)*3+1)&""
```

`MOD` பிளாக்குக்குள்ள எத்தனாவது ரோன்னு சொல்லும், 48 ஆனதும் திரும்ப ஒண்ணுல ஆரம்பிக்கும். `INT` எத்தனாவது பிளாக்னு சொல்லும், அதை 3 ஆல பெருக்கினா A, D, G னு தாவும். பிளாக்குக்கு ரெண்டு காலம் தானேன்னு 2 ஆல பெருக்கினா வெறும் C காலம்ல போய் நிக்கும், அந்த இடைவெளி காலத்தையும் சேத்து எண்ணணும். கடைசில `&""` ஏன்னா `INDEX` காலி செல்லை 0 னு தான் குடுக்கும். B2ல அதே ஃபார்முலா, கடைசில வர்ற +1க்கு பதில் +2, ஆனா அங்க `&""` போட முடியாது, விலை எழுத்தா மாறிடும், அதனால `IF` போட்டு காலின்னா காலியாவே விடச் சொன்னேன். விலை 0 னு சாஃப்ட்வேர்ல ஏறினா ஓசில பில் விழும்.

அடுத்து தலைப்பைக் கீழ இறக்கணும். C2ல தலைப்பு, D2ல முழுப் பேர்:

```
C2: =IF(AND(A2<>"",B2=""),A2,C1)
D2: =IF(OR(A2="",B2=""),"",IF(ISNUMBER(--LEFT(A2,1)),C2&" "&A2,A2))
```

பேர் இருக்கு விலை இல்லன்னா அது தலைப்பு, இல்லாட்டி மேல இருக்கிற தலைப்பையே தூக்கிட்டு வா. அயிட்டம் நம்பர்ல ஆரம்பிச்சா அது சைஸ், தலைப்பை முன்னால ஒட்டு. எழுத்துல ஆரம்பிச்சா தனி சாமான், அப்படியே விடு. வரிசை சரியா இருந்ததால D4ல அனாதையா நின்ன "1" இங்க "பிவிசி டீ 1" னு வந்துச்சு, அதைப் பாத்ததும்தான் எனக்கு நிம்மதி.

ஷீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தது

ஃபார்முலா சரி, ஆனா ரிசல்ட்ல இன்னும் தப்பு இருந்துச்சு, இது எல்லாமே மூல ஷீட்ல இருந்து வந்தது.

முதல்ல அந்த 45385. எக்செல்ல வெறுமனே 3/4 னு அடிச்சா அது தேதின்னு எடுத்துக்கும், நம்ம ஊர் செட்டிங்ல ஏப்ரல் 3. அது 03-Apr னு காட்டினதும் யாரோ `d/m` னு ஃபார்மட் போட்டு திரும்ப 3/4 னு தெரிய வச்சிருக்காங்க. பிரிண்ட்ல சரியா இருக்கும், உள்ள இருக்கிறது 2024 ஏப்ரல் 3, எக்செல் கணக்குல 45385. இதுல இன்னொரு சிக்கல், எந்த வருஷம் அடிச்சாங்களோ அந்த வருஷத் தேதி தான் விழும். 2024ல அடிச்ச அரை இஞ்சு 45323, 2025ல புதுசா சேத்த அரை இஞ்சு 45689. ஒரே சைஸுக்கு ரெண்டு நம்பர். ஒண்ணேகால் இஞ்சு வேற மாதிரி, 1 1/4 னு அடிச்சா எக்செல் அதை பின்னம்னு புரிஞ்சுக்கும், லிஸ்ட்ல 1.25 னு வரும்.

ஃபார்முலாலயே `TEXT` வச்சு சமாளிக்கலாம், ஆனா எது தேதி எது பின்னம்னு ஃபார்முலா ஊகிக்க ஆரம்பிச்சா நாளைக்கு வேற எங்கயாவது இடிக்கும். மூலத்துலயே சரி பண்ணோம். A, D, G மூணு காலத்தையும் டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாத்தினோம், உடனே தேதி எல்லாம் அஞ்சு இலக்க நம்பரா வெளிய வந்துச்சு, அதையும் 1.25 மாதிரி நின்னதையும் ஒவ்வொண்ணா 1/2, 3/4, 1 1/4 னு திரும்ப அடிச்சு மாத்தினோம். இனிமே அந்தக் காலம்ல என்ன அடிச்சாலும் அடிச்சது அப்படியே நிக்கும்.

ரெண்டாவது, விலை காலம்ல `COUNTA` 109 சொல்லுது, `COUNT` 102 தான் சொல்லுது. அந்த ஏழு செல்ல "1,450/-" மாதிரி கைப்பழக்கத்துல அடிச்சிருந்தாங்க, அது எழுத்து, நம்பர் இல்ல. "/-" ஐ ரீப்ளேஸ்ல எடுத்துவிட்டதும் நம்பரா மாறிடுச்சு.

மூணாவது தான் ஆபத்தானது. அஞ்சு அயிட்டத்துக்கு விலையே போடல, கம்பெனி ரேட் இன்னும் வரலைன்னு காலியா விட்டிருந்தாங்க. என் ஃபார்முலாவுக்கு விலை இல்லன்னா தலைப்பு. அதனால அதுல ஒண்ணு, விலை இல்லாத ஒண்ணேகால் இஞ்சு, தலைப்பா மாறி அதுக்கு கீழ இருந்த ஒண்ணரை இஞ்சு சாமானுக்கு "1 1/4 1 1/2" னு பேர் வந்திருந்துச்சு. மனுஷன் போல்டை வச்சு தலைப்பைக் கண்டுபிடிப்பான், ஃபார்முலாவுக்கு போல்டு தெரியாது. அண்ணாச்சிகிட்ட, "விலை தெரியலைன்னா காலியா விடாதீங்க அண்ணாச்சி, கேட்கன்னு போட்டுருங்க" ன்னேன். அவர், "அது நல்லது தாம்பா, காலியா இருந்தா பயலுவ பழைய விலையைச் சொல்லிருதானுவ" ன்னார். அந்த அஞ்சுலயும் "கேட்க" னு போட்டோம், தலைப்பு 23 மட்டும் காலி.

சரிபார்த்தது

மூணு விஷயம் பாத்தேன். தலைப்பு போக லிஸ்ட்ல 114 பேர் வரணும், வந்துச்சு. விலையை `COUNT` பண்ணா ரெண்டு ஷீட்லயும் 109. விலையைக் கூட்டினா ரெண்டு பக்கமும் ஒரே தொகை. கூட்டல் சரியா வந்தா எதுவும் விட்டுப்போகலன்னு தெரியும், ஆனா விலை சரியான பேர்கிட்ட நிக்குதான்னு கூட்டல் சொல்லாது, அதுக்கு ஒவ்வொரு பிளாக்லயும் உச்சி ரெண்டு, அடி ரெண்டு எடுத்து பேப்பரோட நேருக்கு நேர் பாத்தோம், தம்பி வாசிக்க நான் டிக் பண்ணேன்.

கடைசியா D காலம்ல `COUNTIF` வச்சு ஒரே பேர் ரெண்டு தடவை வருதான்னு பாத்தா "பிவிசி எல்போ 3/4" ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு முதல் பிளாக்ல எல்போ தலைப்புக்கு கீழ 14 ரூபா, இன்னொண்ணு மூணாவது பிளாக் கடைசில யாரோ அவசரத்துக்கு முழுப் பேரா அடிச்சது, 12 ரூபா. பேப்பர்ல ரெண்டும் எதிரெதிர் மூலைல இருந்ததால யார் கண்ணுலயும் பட்டதில்ல, கல்லால நிக்கிற ஆள் எந்த மூலையைப் பாக்குறானோ அந்த விலையைச் சொல்லிட்டு இருந்திருக்கான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் 12ஐ அழிச்சிட்டார். பேரும் விலையும் மட்டும் வேல்யூவா பேஸ்ட் பண்ணி, "கேட்க" போட்டதை விட்டுட்டு 108 ரோ சாஃப்ட்வேர்ல ஏத்தினோம்.

அதுக்கப்புறம் நடந்தது

ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் தம்பி போன் பண்ணான், "அண்ணே, முக்கா இஞ்சு டீ லிஸ்ட்ல இல்ல" ன்னான். அண்ணாச்சி எல்போல ஒரு புது சைஸ் சேக்க முதல் பிளாக் நடுவுல ஒரு ரோ இன்சர்ட் பண்ணியிருக்கார். எக்செல் ரேஞ்சை மட்டும் தானா `$A$4:$H$52` னு நீட்டிருச்சு, நான் கையால எழுதின 48 அப்படியே நின்னுருச்சு. ஒரு பிளாக்குக்கு இப்ப 49 ரோ, ஃபார்முலா 48 தான் எடுக்குது, முதல் பிளாக்லயும் ரெண்டாவதுலயும் கடைசி ஆள் வெளிய போயிட்டாங்க. மூல ஷீட்ல 109 விலை, லிஸ்ட்ல 107. நான் முதல் நாள் கூட்டிப் பாத்த கணக்கை ஷீட்லயே ஒரு செல்ல விட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அதை அழிச்சிட்டு வந்தது என் தப்பு.

48 ஐ எடுத்துட்டு ரேஞ்சோட ரோவையே எண்ணச் சொன்னேன், A2 இப்படி ஆச்சு:

```
=IFERROR(INDEX(Rate!$A$4:$H$52,MOD(ROW()-2,ROWS(Rate!$A$4:$H$52))+1,
 INT((ROW()-2)/ROWS(Rate!$A$4:$H$52))*3+1)&"","")
```

B2லயும் அதே மாத்தம். மூணு பிளாக்கும் முடிஞ்ச பிறகு `INDEX` ரேஞ்சைத் தாண்டி `#REF!` குடுக்கும், அதை `IFERROR` காலியாக்கிரும், அதனால 200வது ரோ வரைக்கும் இழுத்து விட்டாச்சு. ரோ இன்சர்ட் பண்ணா மத்த ரெண்டு பிளாக்லயும் நடுவுல ஒரு காலி விழும், அது லிஸ்ட்டைக் கெடுக்காது, C2 தலைப்பைத் தாண்டிக் கொண்டுபோயிரும். ஆனா 52க்கு கீழ 53ல போய் அடிச்சா ரேஞ்சுக்கு வெளிய, அது வராது, அதனால கடைசி ரோவுக்கு மேல தான் இன்சர்ட் பண்ணணும்னு ஷீட் அடியில சிவப்புல எழுதி வச்சிருக்கோம். `List` ஷீட் உச்சில F1ல மூல ஷீட் விலை எண்ணிக்கை, G1ல லிஸ்ட் எண்ணிக்கை, ரெண்டும் ஒத்துப்போகலன்னா செல் சிவப்பாகும். தம்பி ஏத்துறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்குறான்.

திரும்ப செஞ்சா மாத்துறது

தலைகீழா செய்வேன். ரெண்டு காலம் லிஸ்ட் தான் மூலம், ஒவ்வொரு ரோலயும் முழுப் பேர், புது அயிட்டம் அடியில சேத்தா போதும், அதுல இருந்து மூணு பிளாக்கை ஃபார்முலால பிரிண்ட்டுக்கு எடுக்கணும். அப்ப தலைப்பு இறக்குற வேலை, பிளாக் உச்சில அனாதையா நிக்கிற சைஸ், ஒரே அயிட்டம் ரெண்டு மூலைல ரெண்டு விலைல இருக்கிறது, இது எதுவும் வராது. அண்ணாச்சிகிட்ட சொன்னேன். கல்லால நிக்கிறவங்களுக்கு எந்த அயிட்டம் பேப்பர்ல எந்த இடத்துல இருக்குன்னு கை தானா போகுது, லிஸ்ட் நடுவுல ஒண்ணு சேத்தா கீழ இருக்கிறது எல்லாம் இடம் மாறும், அது வேண்டாம்னார். அது நியாயமாத்தான் பட்டுச்சு. அதனால இப்பவும் அவர் `Rate` ஷீட்லதான் திருத்துறார், `List` அதைப் பாத்து எடுத்துக்குது.